கூர்மை கடைசியில்தான்

1990களில் நடந்த கல்யாணங்களின் வீடியோ பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டில்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க வீட்டில் டெக் இல்லாததால், மாற்றித் தரும் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் வாங்கி வருகிறோம். அன்று 21 அங்குல டிவியில் பளிச்சென்று இருந்த அதே படத்தை இன்று 55 அங்குல டிவியில் போட்டால் மணமேடை முழுக்கப் புள்ளிகள் ஊர்கின்றன. முகங்கள் மங்கலாக இருக்கின்றன. சின்னப் படத்தை இழுத்து விரித்தது அப்பட்டமாகத் தெரிகிறது.

மூன்று குறைக்கும் மூன்று வைத்தியம் உண்டு. ஊரும் புள்ளிகளைக் குறைப்பது டீநாய்ஸ். பிக்சல்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் படத்தைப் பெரிதாக்குவது அப்ஸ்கேல். விளிம்புகளை எடுப்பாகக் காட்டுவது ஷார்ப். விலை கொடுத்து வாங்கும் எடிட்டிங் மென்பொருளிலும் இவை இருக்கின்றன, இலவசமாகக் கிடைக்கும் ffmpeg போன்றவற்றிலும் இருக்கின்றன. எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். எதற்குப் பிறகு எது என்பதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் படம் தப்பித்துவிடும். வரிசை மாறினால் தப்புவது கடினம்.

முதலில் டீநாய்ஸ், அடுத்து அப்ஸ்கேல், கடைசியில் ஷார்ப். இதுதான் வரிசை. கறையை அலசாமல் வேட்டிக்கு இஸ்திரி போட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். படத்திலும் கறை ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. அது எப்படி ஒட்டுகிறது என்பதைப் பிக்சல் அளவில் பார்த்துவிட்டால், வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

மூன்று கருவி, மூன்று நம்பிக்கை

இந்த மூன்றில் எதற்கும் படத்தில் இருப்பது மணமகளா, மாலையா என்று தெரியாது. தன்னிடம் வரும் எண்களைப் பற்றி ஆளுக்கொரு அனுமானத்தை வைத்துக்கொண்டு அவை வேலை செய்கின்றன.

டீநாய்ஸின் அனுமானம் இது: உண்மையான பொருள் பல பிக்சல்களில் பரவியிருக்கும், நாய்ஸ் பக்கத்துப் பிக்சலோடு சம்பந்தமில்லாமல் தனியாகத் துள்ளும். சுவரின் ஓர் இடத்தில் பத்துப் பிக்சல் ஒரே நிறமாக இருந்து, நடுவில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தால், அந்த ஒன்றுதான் பொய். வீடியோவில் இன்னொரு தடயமும் கிடைக்கிறது. சுவர் அடுத்த ஃபிரேமிலும் அதே இடத்தில் இருக்கும். அந்த வெள்ளைப் புள்ளி இருக்காது.

அப்ஸ்கேல் இவ்வளவு சந்தேகப்படுவதில்லை. வந்த ஒவ்வொரு பிக்சலும் உண்மை என்று நம்பி, இரண்டு உண்மைகளுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு நிரப்புகிறது. பொய்யான பிக்சல் வந்தால் அதையும் நம்பும். அதை வைத்து அக்கம்பக்கத்தில் புதுப் பிக்சல்களையும் உருவாக்கும்.

ஷார்ப்புக்கோ வித்தியாசம் என்றாலே விளிம்பு. ஒரு பிக்சல் தன் அக்கம்பக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தால் இன்னும் வெளிச்சமாக்கும். இருட்டாக இருந்தால் இன்னும் இருட்டாக்கும். அது மூக்குத்தியின் ஓரமா, நாய்ஸா என்று கேட்காது.

ஆக, நாய்ஸைச் சந்தேகப்படும் ஒரே ஆள் டீநாய்ஸ்தான். அதுவும் நாய்ஸ் தனித்தனியாக இருக்கும்வரைதான் அதற்கு அடையாளம் தெரியும். மற்ற இரண்டும் அதற்கு முன்னால் புகுந்தால், முதல் வேலையாக அந்த அடையாளத்தைத்தான் அழிக்கின்றன.

முன்னதாகவே பெரிதாக்கினால்

மணமேடைக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரிலிருந்து ஒரே ஒரு பிக்சல் வரியை எடுத்துக்கொள்வோம். கறுப்பு 0, வெள்ளை 255. சுவரின் உண்மையான வெளிச்சம் 100. நாய்ஸால் ஒரு பிக்சல் மட்டும் 120 ஆகியிருக்கிறது.

100, 100, 100, 120, 100, 100, 100

இதைத் துடைக்க மிக எளிய டீநாய்ஸ் ஒன்று போதும். ஒவ்வொரு பிக்சலையும் இடது, வலது பிக்சல்களோடு சேர்த்து, மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது. 100, 120, 100 என்ற மூன்றை அடுக்கினால் நடுவில் நிற்பது 100. புள்ளி சுவடில்லாமல் போய்விட்டது.

இப்போது வரிசையை மாற்றிப் பார்ப்போம். துடைப்பதற்கு முன் இரண்டு மடங்கு பெரிதாக்குகிறோம். ஒவ்வொரு இரண்டு பிக்சலுக்கும் நடுவில் அவற்றின் சராசரியை வைக்கிறோம். புள்ளி இருந்த இடத்தில் இப்போது இருப்பது இது:

100, 100, 110, 120, 110, 100, 100

ஒற்றைப் பிக்சலாக இருந்தது மூன்று பிக்சல் குமிழாகிவிட்டது. இதன் மேல் அதே மூன்று பிக்சல் டீநாய்ஸை ஓட்டினால் கிடைப்பது 100, 100, 110, 110, 110, 100, 100. உச்சி மட்டும் தேய்ந்தது. குமிழ் அப்படியே நிற்கிறது. அந்த 120க்கு இருபுறமும் 110, 110 என்று இரண்டு சாட்சிகள் வந்துவிட்டதால், டீநாய்ஸ் அதை உண்மையான பொருள் என்று எடுத்துக்கொள்கிறது.

டீநாய்ஸின் பலத்தைக் கூட்டினால் ஆகாதா? ஆகும். மூன்று பிக்சலுக்குப் பதில் ஏழு பிக்சலை எடுத்து அடுக்கினால் இந்தக் குமிழும் போய்விடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சுவருக்குப் பதிலாகப் பட்டுப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு ஜரிகைக் கோடு: 100, 120, 120, 100. பெரிதாக்குவதற்கு முன் மூன்று பிக்சல் டீநாய்ஸ் இந்தக் கோட்டைத் தொடாது. 100, 120, 120 என்ற மூன்றில் நடுவில் நிற்பது 120தான். பெரிதாக்கிய பிறகு அதே கோடு 100, 110, 120, 120, 120, 110, 100 ஆகிறது. ஏழையும் அடுக்கினால் நடுவில் வருவது 110. நாய்ஸைத் துடைக்கப் போய் ஜரிகையின் மினுக்கத்தில் பாதி போய்விட்டது.

கடையில் இருக்கும் டீநாய்ஸ் இதைவிடச் சிக்கலானது என்றாலும், அகப்பட்டுக்கொள்வது இதே இக்கட்டில்தான். பலத்தைக் குறைத்தால் குமிழ்கள் நிற்கும். கூட்டினால் புடவையும் முகமும் வழுக்கையாகிவிடும். முதலில் பெரிதாக்கிய வீடியோவில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல அளவு கிடைப்பதே இல்லை.

நேரக் கணக்கும் பாதகமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் பால் முறையில் பதிவான கேசட்டை 720×576 என்ற அளவில் கணினிக்குள் எடுப்பார்கள். ஒரு ஃபிரேமுக்கு 4,14,720 பிக்சல். அதையே 1440×1080 ஆக்கினால் 15,55,200 பிக்சல். துடைக்க வேண்டிய இடமே 3.75 மடங்காகிவிடுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றுவட்டாரத்தையும் பெரிதாகப் பார்க்க வேண்டியிருப்பதால் நேரம் அதற்கு மேலும் கூடும். ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, நாள் கணக்கில் இழுத்துப் படத்தையும் கெடுத்துக் கொடுக்கிறது.

முன்னதாகவே கூர்மையாக்கினால்

கேசட் மாற்றித் தரும் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

“தம்பி, பொண்ணு முகம் தெளிவாவே இல்லையே. இன்னும் கொஞ்சம் ஷார்ப் ஏத்துங்க.”

“ஏத்தலாம்மா. ஆனா முகத்தோட சேர்ந்து புள்ளியும் ஏறும். முதல்ல அதை அடக்கிட்டுத்தான் முகத்துக்கு வரணும்.”

அவர் சொல்வதன் கணக்கைப் பார்க்கலாம். ஷார்ப் செய்யும் வழக்கமான முறை, ஒரு பிக்சலை அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டு, இடையில் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கி அந்தப் பிக்சலிலேயே சேர்ப்பது. நம் சுவரில் 100, 120, 100 என்ற மூன்றின் சராசரி ஏறக்குறைய 106.7. நடுப் பிக்சல் அதைவிட 13.3 கூடுதல். ஷார்ப்பின் பலம் 1.5 என்று வைத்தால் 13.3 என்பது 20 ஆகி, 120 போய் 140 வந்து நிற்கும். அதற்கு இருபுறமும் உள்ள 100கள் சராசரியைவிடக் குறைவாக இருப்பதால் 90 ஆக இறங்கும்.

100, 100, 90, 140, 90, 100, 100

20 அளவு துள்ளிய நாய்ஸ் இப்போது 90க்கும் 140க்கும் இடையில் 50 அளவு துள்ளுகிறது. இனி டீநாய்ஸ் வருகிறது. 90, 140, 90 என்ற மூன்றை அடுக்கினால் நடுவில் நிற்பது 90. வெள்ளைப் புள்ளியைத் துடைத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்துவிட்டது. சுவரில் அப்படி ஒரு புள்ளி எப்போதும் இருந்ததில்லை. ஷார்ப் உண்டாக்கிய நிழலை டீநாய்ஸ் உண்மை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வீடியோ டீநாய்ஸில் இதன் விளைவு இன்னும் மோசம். ffmpeg-இல் பலரும் பயன்படுத்தும் hqdn3d என்ற வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஃபிரேமில் அதே இடத்தில் இருந்த பிக்சலோடு இப்போதைய பிக்சலை ஒப்பிடுகிறது. வித்தியாசம் சின்னதாக இருந்தால் நாய்ஸ் என்று எண்ணி இரண்டையும் கலக்கிறது. பெரிதாக இருந்தால் அங்கே ஏதோ அசைந்திருக்கிறது, யாரோ கையைத் தூக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடுகிறது. அப்படி விடாவிட்டால் அசையும் கைக்குப் பின்னால் ஆவி போல ஒரு சுவடு இழுபடும். ஷார்ப் முதலில் ஓடியிருந்தால், சின்ன வித்தியாசமாக இருந்த நாய்ஸ் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. வடிகட்டி அதை அசைவு என்று நினைத்து வழிவிடுகிறது. டீநாய்ஸ் ஓடியதாகக் கணினி காட்டும். சுவரைப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது.

இதற்கு மேல் அப்ஸ்கேலும் நடந்தால், கொழுத்த நாய்ஸ் ஒவ்வொன்றும் மூன்று பிக்சல் குமிழாகப் பரவும். கடைசியில் எம்பி4 ஆகச் சுருக்கும்போது அந்தக் குமிழ்களையும் சேமிக்கவே இடம் செலவாகும். கோப்பு பெருத்துப் போகும். அளவைக் கட்டுப்படுத்தினால் முகங்களுக்குக் கிடைக்க வேண்டிய இடம் குறையும்.

நல்லபடியாகத் துடைத்த பிறகும் செய்யும் தவறு

மேலே சொன்ன இரண்டும் பார்த்தவுடன் தெரியும் கேடுகள். மூன்றாவது நுட்பமானது, அனுபவம் உள்ளவர்களும் செய்வது. டீநாய்ஸை முதலில் முடித்துவிடுவார்கள். பிறகு, பெரிதாக்குவதற்கு முன்பே விளிம்பைச் சரிசெய்துவிட்டால் நல்ல படம் பெரிதாகுமே என்று ஷார்ப்பை இரண்டாவதாக வைப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போது மாப்பிள்ளையின் கறுத்த தலைமுடியும் பின்னால் உள்ள சுவரும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். முடி 60, சுவர் 160. சுத்தமான விளிம்பு: 60, 60, 60, 160, 160, 160. அதே 1.5 பலத்தில் ஷார்ப் செய்தால் விளிம்பின் கறுப்புப் பக்கம் இன்னும் கறுத்து 10 ஆகும். வெள்ளைப் பக்கம் இன்னும் வெளுத்து 210 ஆகும்.

60, 60, 10, 210, 160, 160

முடியைச் சுற்றி ஒரு பிக்சல் அகலத்தில் வெள்ளைக் கரை விழுந்திருக்கிறது. இதைத்தான் ஹேலோ என்கிறார்கள். ஷார்ப் என்பதே இந்தக் கரையை உண்டாக்கிக் கண்ணை ஏமாற்றும் வேலைதான். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தால் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அகலமாகிவிட்டால் கரை கரையாகவே தெரியும்.

இனி இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அந்த இடம் இப்படி ஆகிறது:

60, 35, 10, 110, 210, 185, 160

விளிம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிக்சலாக இருந்த கரை இரண்டு பிக்சலாகப் பரவியிருக்கிறது. உயரம் மட்டும் குறையவில்லை. 160இல் இருக்க வேண்டியது இப்போதும் 210 வரை எகிறுகிறது. நாலு மடங்கு பெரிதாக்கினால் கரை இன்னும் பரவும். லான்சோஸ் என்ற அப்ஸ்கேல் முறையை எடுத்தால், அது விளிம்புகளில் தானாகவே சிறிது எகிறும் தன்மை உடையது. ஏற்கெனவே கரை கட்டிய விளிம்பில் அது இரண்டாவதாக மெல்லிய அலைக்கோடு ஒன்றையும் வரைந்துவிடும்.

அதே இரண்டு வேலையையும் மாற்றிச் செய்வோம். முதலில் பெரிதாக்கினால் 60, 60, 60, 110, 160, 160, 160. அதன் மேல் அதே பலத்தில் ஷார்ப்:

60, 60, 35, 110, 185, 160, 160

கரை ஒரே ஒரு பிக்சல். அதுவும் புதிய, சின்னப் பிக்சல். எகிறியது 50க்குப் பதில் 25. பலத்தின் எண் ஒன்றுதான், வேலைகளும் அவையேதான். ஆனால் டிவியில் ஒன்று இயல்பாகத் தெரிகிறது. இன்னொன்றில் மாப்பிள்ளையின் தலையைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது.

எவ்வளவு அகலக் கரை கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் என்பது, பார்க்கப்போகும் பிக்சலின் அளவைப் பொறுத்தது. அந்த அளவு முடிவாகும் முன்னரே ஷார்ப் செய்வது, கரையின் அகலத்தைப் பாராமல் போடுவதுதான். அதனால்தான் ஷார்ப் கடைசி. புகைப்படத் துறையில் புரூஸ் ஃபிரேசர் வகுத்துக் காட்டிய முறையிலும் முக்கியமான ஷார்ப், அச்சுக்கோ திரைக்கோ உரிய அளவுக்குப் படத்தை மாற்றிய பிறகே வருகிறது. தொடக்கத்திலும் ஒரு ஷார்ப்பை அவர் அனுமதித்தார். ஆனால் அது கேமரா சென்சாரில் இழந்த கூர்மையை ஈடுசெய்யும் அளவுக்கு மிக லேசானது.

விஎச்எஸ்ஸில் அந்த லேசான ஷார்ப்புக்கும் இடமில்லை. டெக்குகள் பலவும் கேசட்டை ஓட்டும்போதே விளிம்பை எடுப்பாக்கித்தான் அனுப்பும். ஷார்ப்னஸ் திருகை அதிகமாக வைத்து எடுத்த பிரதி என்றால் முகங்களைச் சுற்றிக் கரை முதலிலேயே இருக்கும். அதை நாம் பெருக்க வேண்டியதில்லை.

ஒரு கேசட், ஒரே ஒரு கட்டளை

இவ்வளவையும் ஒரு கல்யாண கேசட்டில் வைத்துப் பார்ப்போம். ffmpeg-இல் வடிகட்டிகளைக் காற்புள்ளி போட்டு எழுதினால் இடமிருந்து வலமாக அந்த வரிசையிலேயே ஓடும். எழுதும் வரிசைதான் செய்யும் வரிசை.

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif,hqdn3d=3:4:6:8,scale=1440:1080:flags=lanczos,setsar=1,unsharp=5:5:0.6:5:5:0" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac kalyanam.mp4
```

முதலில் நிற்கும் bwdif நாம் பேசிய மூன்றிலும் சேராதது. பழைய வீடியோவில் ஒரு ஃபிரேமின் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டு, சீப்புப் பல் போலப் பின்னிக் கிடக்கும். அதைப் பிரித்து வினாடிக்கு 50 முழு ஃபிரேம் ஆக்குவது இதன் வேலை. பிரிக்காமல் பெரிதாக்கினால் அசையும் கைகளில் அந்தப் பற்கள் அப்படியே உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே இது எல்லாவற்றுக்கும் முன்.

அடுத்தது hqdn3d. நான்கு எண்களில் முதல் இரண்டும் ஒரே ஃபிரேமுக்குள் துடைக்கும் பலம், வெளிச்சத்துக்கு ஒன்றும் நிறத்துக்கு ஒன்றும். அடுத்த இரண்டும் ஃபிரேம்களுக்கு இடையே துடைக்கும் பலம். பின்னதைக் கூடுதலாக வைத்ததற்குக் காரணம் உண்டு. விஎச்எஸ் பதிவில் குறுக்கே ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் இருக்கும். அதை 720 பிக்சலாக எடுக்கும்போது நாய்ஸ் கேசட்டிலேயே பக்கவாட்டில் சிறிது பரவித்தான் வருகிறது. ஃபிரேமுக்குள் தேடினால் அடையாளம் கொஞ்சம் மங்கல். அடுத்த ஃபிரேமில் அது அதே இடத்தில் இருக்காது என்பதுதான் பலமான தடயம். நான்கு ஃபிரேம்களின் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும். சுவர் சுவராகவே இருக்கும். நிறத்தின் நுணுக்கம் விஎச்எஸ்ஸில் இன்னும் பல மடங்கு குறைவு என்பதால், சிவப்புப் புடவையில் ஊரும் நிறத்திட்டுகளை அடக்க நிறத்துக்கு இன்னும் அதிகம்.

அப்புறம் scale. 576 வரி உயரத்தை 1080 ஆக்கி, 4:3 வடிவம் கெடாமல் அகலத்தை 1440 ஆக வைக்கிறது. அகன்ற டிவியை நிரப்ப 1920 வைத்தால் மணமக்கள் குட்டையாகி விரிவார்கள். இருபுறமும் கறுப்பு இருப்பதே சரி. கடைசியில் unsharp, வெளிச்சத்துக்கு 0.6, நிறத்துக்கு 0. கணக்குக் காட்ட மேலே எடுத்த 1.5 இந்தக் கேசட்டுக்கு மிக அதிகம். நிறத்தைக் கூர்மையாக்கினால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கோடு கட்டும்.

இந்த எண்கள் நடுத்தரமான ஒரு கேசட்டுக்குத் தொடக்கப் புள்ளி மட்டுமே. முழு மூன்று மணி நேரத்தையும் ஓட்டுவதற்கு முன், முகூர்த்தக் காட்சியிலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்துச் சோதிப்பது உத்தமம். அதே ஒரு நிமிடத்தில் unsharp-ஐ hqdn3d-க்கு முன்னால் நகர்த்தி இன்னொரு பிரதி எடுத்துப் பாருங்கள். எண் எதையும் தொட வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் சுவரே சொல்லிவிடும்.

எங்கே பார்த்தால் தெரியும்

முகத்தை முதலில் பார்ப்பதுதான் நம் வழக்கம். ஆனால் தவறைக் காட்டுவதில் முகம் மூன்றாவது இடம்தான். முதலில் பார்க்க வேண்டியது எதுவும் இல்லாத இடத்தை: வெற்றுச் சுவர், வானம், திரைச்சீலை. 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றைப் பிக்சல் துள்ளல் லேசாக மிச்சமிருந்தால் பிழையில்லை. இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் வழவழப்பான கொப்புளங்கள் தெரிந்தால், பெரிதாக்கிய பிறகுதான் துடைத்திருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் ஜோடி ஜோடியாக இருந்தால், ஷார்ப் முந்திவிட்டது.

இரண்டாவது, கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடம்: சுவருக்கு எதிரே தலைமுடி, வேட்டியின் கரை, பெயர்ப்பலகை எழுத்து. தடித்த வெள்ளைக் கரை இருந்தால் அப்ஸ்கேலுக்கு முன் ஷார்ப் நடந்திருக்கலாம், அல்லது கேசட்டிலேயே கரை இருந்திருக்கலாம். தொடாத மூலக்கோப்பில் அதே இடத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

டீநாய்ஸ் அதிகமாகிவிட்டதா என்று அறிய ஓர் அருமையான சோதனை உண்டு. துடைப்பதற்கு முந்தைய படத்திலிருந்து துடைத்த பிந்தைய படத்தைக் கழித்து, மீதியை மட்டும் பார்ப்பது. அந்த மீதிதான் டீநாய்ஸ் எடுத்தெறிந்த குப்பை. 2005இல் புவாடெஸ், கோல், மோரெல் என்ற மூவர் தங்கள் டீநாய்ஸ் முறையை முன்வைத்தபோது, முறைகளை ஒப்பிட இந்த மீதியைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். குப்பையில் வெறும் புள்ளிமழை இருந்தால் நல்லது. மணமகளின் கண்ணும் நெற்றிச்சுட்டியும் கோட்டுருவமாகத் தெரிந்தால், நாய்ஸோடு அவரையும் துடைத்துக்கொண்டிருக்கிறோம். பலத்தைக் குறைக்க வேண்டும். இந்தச் சோதனையும் அப்ஸ்கேலுக்கு முந்தைய அளவில் செய்தால்தான் தெளிவாகப் பேசும்.

வரிசை எங்கே தளரும்

துடைப்பதையும் பெரிதாக்குவதையும் ஒரே மூச்சில் செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. 2021இல் வந்த ரியல்-ஈஎஸ்ஆர்கேன் அந்த வகை. மங்கலும் நாய்ஸும் சுருக்கக் கேடும் செயற்கையாகக் கலந்த படங்களைக் காட்டிப் பழக்கியது அது. அதற்கு முன்னால் கடுமையாக டீநாய்ஸ் செய்தால், பாதி வழுக்கையான முகத்தைப் பார்த்து அது மீதியையும் மெழுகாக்கிவிடும். சுத்தமான படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய அப்ஸ்கேலர்களிடம் நிலைமை நேர்மாறு. அவற்றுக்கு நாய்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. சுவரில் உள்ள புள்ளிகளை நெசவு என்று எண்ணி, சுவருக்குத் துணி போர்த்திவிடும். எந்தக் கருவி எதைப் பார்த்துப் பழகியது என்று தெரிந்துகொண்டு முதல் படியின் பலத்தை வைக்க வேண்டும். ஷார்ப் மட்டும் எந்த வகைக் கருவியிலும் கடைசிதான். பெரும்பாலும் தேவையே இருக்காது, ஏனென்றால் இவை விளிம்பை ஏற்கெனவே கூராக்கித்தான் தருகின்றன.

சரியான வரிசையும் செய்ய முடியாதது ஒன்று உண்டு. கேசட்டில் பதிவாகாததை அது கொண்டுவராது. 240 கோட்டில் பதிவான காது தோட்டின் கல் எண்ணிக்கை 1080 ஆனாலும் தெரியாது. இருப்பதை இழக்காமல் பெரிய திரைக்குக் கொண்டுவருவதுதான் இந்த மூன்று படிகளின் எல்லை.

தவறான வரிசையில் செய்து முடித்த கோப்பை யாராலும் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பரவிய குமிழைப் பழைய ஒற்றைப் பிக்சலாக்க வழியில்லை. வெள்ளைப் பட்டுவேட்டியின் ஓரம் ஷார்ப்பில் எகிறி 255ஐத் தொட்டிருந்தால், அங்கே இருந்த மடிப்புகள் எல்லாம் ஒரே வெள்ளையாகி எண்களே அழிந்திருக்கும். திரும்பவும் கேசட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கேசட்டோ வருடத்துக்கு வருடம் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மாற்றக் கொடுக்கும்போது, அழகுபடுத்திய எம்பி4 மட்டும் போதும் என்று வந்துவிடாதீர்கள். எந்த வடிகட்டியும் தொடாத மூலப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். டிவி வடிவத்தில் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். மூன்று மணி நேரக் கல்யாணம் 40 ஜிபிக்குள் அடங்கிவிடும். அது கையில் இருந்தால், யார் எந்த வரிசையில் கெடுத்தாலும் முதலிலிருந்து சரியாகச் செய்துகொள்ளலாம்.